ஒரு புத்தக வெளியீட்டுப் பதிவை எழுதி முடித்த விதம்: முதல் வரி முதல் அரங்கு எண் வரை

சொந்தமாக அச்சிட்ட சிறுகதைத் தொகுப்பு. 144 பக்கம், விலை ₹200. சென்னைப் புத்தகக் காட்சியில் ஒரு பதிப்பகத்தின் அரங்கில் கையொப்ப நிகழ்வு. இதற்காக இன்ஸ்டாகிராம், ஃபேஸ்புக், வாட்ஸ்அப் மூன்றுக்கும் ஒரே பதிவை எழுதத் தொடங்கி, கடைசியில் மூன்றாகப் பிரித்தோம். ஏன் அப்படி ஆனது என்பதிலிருந்து தொடங்கினால்தான் மற்றது புரியும்.

இன்ஸ்டாகிராமில் படத்தின் கீழ் எழுதும் குறிப்புக்கு 2,200 குறியீடுகள்தான் இடம். தமிழில் இது பார்ப்பதைவிடக் குறைவு. 'புத்தகம்' என்பது நமக்கு ஐந்து எழுத்து. கணினிக்கு எட்டு, ஏனென்றால் உகரக் கொம்பும் புள்ளியும் தனித்தனிக் குறியீடுகள். மொத்தம் 180 சொல்லைத் தாண்டினாலே வரம்பை நெருங்கிவிடுகிறது. அதிலும் 'மேலும்' என்பதைத் தொடாதவர் கண்ணில் படுவது முதல் 125 குறியீடுகள் அளவுக்குத்தான்.

அந்த இடத்தில் 'அனைவருக்கும் வணக்கம், எனது முதல் நூல் வெளிவருவதை மகிழ்ச்சியுடன் தெரிவித்துக்கொள்கிறேன்' என்று எழுதினால் இடத்தில் பெரும்பகுதி அதிலேயே தீர்ந்துவிடும். கதை என்ன, யார் வருகிறார் என்று ஒரு துப்பும் கிடைக்காது. அதனால் கதையிலிருந்து ஒரு வரியையே தலையில் வைத்தோம். 78 குறியீடுகள், முழு வாக்கியமாக முடிகிறது. இது உப்பளக் கதை:

```
உப்பு வாரிவிட்டுக் கரையேறிய மாரியம்மா
அங்கே ஒற்றைச் செருப்பைத்தான் பார்த்தாள்.

"ஒத்தச் செருப்ப எவன் எடுத்துட்டுப் போவான்?"

தட்டுமேட்டில் ஆள் இல்லை. உப்புக் குவியலுக்கு
அந்தப் பக்கம் ஈரக் காலடி ஒன்று பதிந்திருந்தது.
ஒன்றே ஒன்று.
```

தொகுப்பின் நல்ல வரியை எடுக்க வேண்டும் என்றுதான் முதலில் தோன்றும். ஆனால் அந்த வரி பெரும்பாலும் கதையின் முடிவில் இருக்கும், முன்கதை தெரியாதவருக்கு அது வெறும் தத்துவமாகத்தான் படும். ஒரு ஆள், ஒரு இடம், விடை தெரியாத ஒரு சிறு விஷயம், இந்த மூன்றும் இருக்கும் பகுதியைத் தேடினோம். மூன்றாம் பக்கத்துக்குள்ளேயே கிடைத்தது.

வெட்டிய பகுதியை அச்சுக்குப் போன பிடிஎஃப் கோப்பிலிருந்து நகலெடுக்கக் கூடாது. 'கொ' என்பது 'ெகா' என்று கொம்பு முன்னால் வந்து உடையும், சில போன்களில் கொம்புக்குப் பக்கத்தில் புள்ளி வட்டமும் தெரியும். பக்க வடிவமைப்பு பழைய எழுத்துருவில் நடந்திருந்தால் முழுக்கவே ஆங்கிலக் குப்பையாக வரும். கையெழுத்துப்படியின் யூனிகோட் கோப்பிலிருந்துதான் எடுக்க வேண்டும். அது இல்லையென்றால், இவ்வளவு சின்னப் பகுதியைத் திரும்பத் தட்டச்சு செய்வதே விரைவு. மெய்ப்பில் கடைசியாகத் திருத்திய வடிவம்தானா என்று அச்சுப் பிரதியோடு ஒருமுறை ஒப்பிட்டுக்கொள்ளுங்கள்.

மின்னூலை அமேசானின் சுயவெளியீட்டுத் தளமான கேடிபியில், அங்கே மட்டுமே விற்கும் 'செலக்ட்' திட்டத்தில் சேர்த்திருப்பவர்களுக்கு இன்னொரு கணக்கும் உண்டு. மின்வடிவில் வேறெங்கும் காட்டலாம் என்பது நூலில் 10 சதவீதம் வரைதான். எங்கள் தொகுப்பில் ஒன்பது கதைகள். மாதிரிக்கு ஒரு முழுக்கதையைப் பதிவோடு பிடிஎஃப் ஆகத் தரலாம் என்ற யோசனையை இதனால்தான் கைவிட்டோம், சராசரிக் கதையே 10 சதவீதத்தைத் தாண்டிவிடும்.

அடுத்தது வாங்கும் இணைப்பு. இன்ஸ்டாகிராம் குறிப்பில் ஒட்டிய இணைப்பு வெறும் எழுத்தாகத்தான் நிற்கும், தொட்டால் திறக்காது. முகப்புக் குறிப்பில் இணைப்பை வைத்துவிட்டு, பதிவில் 'இணைப்பு பயோவில்' என்று எழுதினோம். ஸ்டோரியில் லிங்க் ஸ்டிக்கர். ஃபேஸ்புக்கிலும் வாட்ஸ்அப்பிலும் இணைப்பை நேராகவே போடலாம். அச்சு நூலுக்கு வாட்ஸ்அப் ஆர்டர்தான், அதன் வடிவம்:

```
https://wa.me/91XXXXXXXXXX?text=Seruppu%201
```

நாட்டு எண்ணுக்கு முன் கூட்டல் குறியோ சுழியமோ வரக் கூடாது, வந்தால் இணைப்பு சரியாகத் திறக்காமல் போகலாம். தொட்டவுடன் 'Seruppu 1' என்ற செய்தி தயாராக நிற்கும். Seruppu என்பது நூலைக் குறிக்கும், 1 என்பது பிரதி எண்ணிக்கை. இது இல்லாதபோது 'ஹாய்' என்று மட்டும் செய்தி வரும், எதற்காக என்று நாம் திரும்பக் கேட்க வேண்டியிருக்கும். அந்தச் செய்தியைத் தமிழில் வைக்கலாம்தான், ஆனால் ஒவ்வொரு தமிழ்க் குறியீடும் இணைப்பில் ஒன்பது எழுத்தாக விரியும். 'ந' மட்டுமே `%E0%AE%A8` ஆகும். சொந்த வலைப்பக்கத்தின் முகவரியில் நூலின் பெயரைத் தமிழில் வைத்தாலும் இதே நிலைதான்.

மின்னூலுக்கு அமேசான் தேடலிலிருந்து நகலெடுக்கும் நீளமான முகவரி தேவையில்லை. `amazon.in/dp/` என்பதற்குப் பின் அந்த நூலின் பத்து எழுத்து அடையாளத்தைப் போட்டால் போதும். கேடிபியில் ஏற்றிய நூல் விற்பனைக்கு வர 72 மணி நேரம் வரை ஆகலாம். எனவே திங்களன்று ஏற்றினால் வியாழன் வரை பதிவைப் போடாமல் இருப்பதே நல்லது. இணைப்பைத் தொட்டுப் பார்த்து ஏமாந்தவர் இரண்டாம் முறை வருவது அரிது.

விலையை இரண்டாக எழுதினோம்: அஞ்சலில் ₹250 (நூல் 200, அனுப்ப 50), காட்சியில் ₹180. புத்தகக் காட்சியில் 10 சதவீதக் கழிவு வழக்கம் என்பதால் வாசகர் அதைக் கணக்குப் போட்டுக்கொண்டுதான் வருவார். விலையை 195 என்று வைத்திருந்தால் கழிவுக்குப் பின் 175.50 என்று வந்து சில்லறைக்கு அலைய வேண்டும். கூட்டத்தில் நெட்வொர்க் படுத்தும்போது கியூஆர் வேலை செய்யாது என்பதால் 'பணமாகவும் கொண்டு வாருங்கள்' என்ற வரியையும் சேர்த்தோம்.

நிகழ்வு விவரத்தில்தான் பதிவுகள் அதிகம் சொதப்புகின்றன. தேதி மட்டும் இருக்கும், கிழமை இருக்காது. 'மாலை 5 மணி' என்று இருக்கும், எதுவரை என்று இருக்காது. முடியும் நேரம் தெரியாவிட்டால் வேலை முடிந்து ஆறரைக்கு வரக்கூடியவர் வராமலே இருந்துவிடுவார். நாங்கள் எழுதியது:

```
கையொப்பம்: ஜனவரி 11, ஞாயிறு, மாலை 5 - 7
சென்னைப் புத்தகக் காட்சி, ஒய்எம்சிஏ, நந்தனம்
(மெட்ரோ: நந்தனம்)
அரங்கு எண்: உறுதியானதும் இங்கேயே சேர்க்கிறோம்
முன்பே வாங்கிய பிரதியையும் கொண்டு வரலாம்
```

கடைசி வரி இல்லாவிட்டால் அஞ்சலில் வாங்கியவர்கள் தங்களுக்கு அழைப்பில்லை என்று நினைத்துக்கொள்வார்கள். மேடைப் பேச்சு கிடையாது. ஒற்றை அரங்கு 10-க்கு 10 அடிதான். நாலு பேர் நின்றாலே பக்கத்து அரங்குக்காரருக்கு வழி மறையும். அதனால்தான் ஒரே நேரத்தில் எல்லோரையும் அழைக்காமல் இரண்டு மணி நேரமாக விரித்தோம்.

அரங்கு எண்ணைப் படத்துக்குள் எழுதாதது தற்செயல் அல்ல. இன்ஸ்டாகிராமில் குறிப்பைப் பின்னாலும் திருத்தலாம், ஏற்றிய படத்தை மாற்ற முடியாது. படத்தில் அட்டை, நூலின் பெயர், எழுதியவர் பெயர், விலை மட்டும். வாட்ஸ்அப்பில் கதையே வேறு: செய்தியைத் திருத்த 15 நிமிடம்தான், அதற்குள் அது நாலு குழுக்களுக்குப் போயிருக்கும். அங்கே படத்தை மட்டும் அனுப்புகிறவர்களும் உண்டு. ஆகவே வாட்ஸ்அப்புக்கு எண் உறுதியான பிறகு, அது அச்சான தனிப் படம் ஒன்று செய்து கடைசியாக அனுப்பினோம்.

அங்கே தடித்த எழுத்துக்குப் போடும் நட்சத்திரக் குறிகளை மற்ற இரண்டு இடங்களுக்கும் நகலெடுக்கும்முன் நீக்கிவிடுங்கள். இல்லையென்றால் `*அரங்கு எண்*` என்று நட்சத்திரத்தோடேயே நிற்கும்.