தூக்கித் தள்ளினால் திறக்கும் கதவு

தை 3

பெரியவளின் கல்யாணப் பத்திரிகை எல்லாம் கொடுத்து முடிந்தது. கால் வீங்கியிருக்கிறது. வாசல் கதவு மறுபடி பிடித்துக்கொள்கிறது, ஆசாரிக்குச் சொல்லியனுப்ப வேண்டும் என்று அவர் மூன்றாவது தடவையாகச் சொல்கிறார்.

தை 5

பெரியவள் போகிற அன்று வாசலில் நின்று ஒரு பாட்டு சொல்லப்போகிறேன் என்று சொல்லித் தொலைத்துவிட்டேன். சின்னவள் உடனே "வீடியோ எடுப்பேன்" என்கிறாள். இருபத்தெட்டு வருஷம் தமிழ் நடத்தியவள் ஒரு ஐந்து அடி எழுத மாட்டேனா என்று ஒரு திமிர். எழுதி, வீட்டு நிலைப்படியில் நின்று, அவள் முகத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டும். அவ்வளவுதான்.

தை 6

எழுதினேன். கிழித்தேன். நாலு அடியும் புத்திமதி: சீக்கிரம் எழு, பொறுத்துப் போ, பெரியவர் சொல் கேள். என் அம்மா எனக்குச் சொன்னவை அப்படியே வந்து உட்கார்ந்திருக்கின்றன. இவற்றில் ஒன்றையும் நான் கேட்டதில்லை.

தை 8

இரவு முழுக்கப் பழைய பாட்டுகளைப் புரட்டிக்கொண்டிருந்தேன். பள்ளியில் நடத்தும்போது கண்ணில் படாத ஒன்று இப்போதுதான் பட்டது. மகள் போனதைப் பற்றித் தாய் பேசும் பாட்டு நம்மிடம் எத்தனையோ. நான் எடுத்துப் பார்த்த அத்தனையிலும் மகள் ஏற்கெனவே போய்விட்டாள். ராத்திரியோடு ராத்திரியாக அவனோடு கிளம்பியிருப்பாள், விடிந்தபிறகுதான் தாய்க்குத் தெரியும். அப்புறம் அவள் ஊராரிடம் அழுவாள், வழியில் வருகிறவர்களிடம் கேட்பாள், வெறும் வீட்டைப் பார்ப்பாள். மகளிடம் மட்டும் பேச முடியாது. நற்றிணை 184இல் "ஒரு மகள் உடையேன்" என்று ஆரம்பிப்பவளும் நேற்றுப் போனவளைப் பற்றித்தான் பேசுகிறாள், அதுவும் 'துக்கத்தைத் தாங்கிக்கொள்' என்று சொல்ல வந்தவர்களிடம். பெரியாழ்வார் தாயாக மாறி "ஒரு மகள் தன்னை உடையேன்" என்கிறபோதும் செங்கண்மால் கொண்டுபோய்விட்டான்.

கல்யாணப் பாட்டு இல்லாமல் இல்லை. அகநானூறு 86, நல்லாவூர் கிழார் பாடியது. பிள்ளை பெற்ற பெண்கள் நாலு பேர் கூடி, பூவும் நெல்லும் கலந்த நீரை மணமகள் தலையில் சொரிந்து, உன்னைக் கொண்டவனைப் பேணுகிறவளாக இரு என்று வாழ்த்துகிறார்கள். அந்த நாலு பேரில் அம்மா இருக்கிறாளா என்று பாட்டு சொல்லவில்லை. சொல்கிறவன் மாப்பிள்ளை, அவன் கண் வேறு இடத்தில் இருந்திருக்கும்.

ஆக, மகள் எதிரில் நிற்க, வாசலில் தாய் சொல்லும் பாட்டுக்கு எனக்கு மாதிரி இல்லை.

தை 9

"ஒரு மகள்" என்று தொடங்கிப் பார்த்தேன். அவர் எட்டிப் பார்த்துவிட்டு, "நமக்கு ரெண்டு இருக்கே" என்றார். சின்னவள் பக்கத்தில்தான் முறுக்குக்கு மாவு பிசைந்துகொண்டிருந்தாள். அடித்துவிட்டேன்.

தை 10

பெரியாழ்வாரின் அந்தப் பாசுரம் மண்டையை விட்டுப் போகவில்லை. எல்லாம் சொல்லிவிட்டுக் கடைசியில், மாமியார் அசோதை இவளைக் கண்டு மகிழ்ந்து, மருமகளுக்குச் செய்ய வேண்டிய சிறப்பெல்லாம் செய்வாளோ என்று கேட்கிறார். எடுத்துப்போனவன் பெருமாள், இருந்தாலும் கவலை மாமியாரைப் பற்றி. அவர் வேறு யாரைப் பற்றிக் கவலைப்படுவார்.

எங்கள் சம்பந்தியம்மா நல்லவர்தான். நல்லவர் என்றுதான் எல்லாரும் சொல்கிறார்கள்.

தை 11

நொச்சியும் தெற்றியும். காலையில் பால் காய்ச்சும்போது பிடிபட்டது. நற்றிணைத் தாய் 'உள்ளம் வேகிறது' என்று ஒரு வார்த்தை சொல்கிறாள், பாட்டு அங்கே நிற்கவில்லை. கடைசி அடியில் மகள் விளையாடிய நொச்சிச் செடியும் திண்ணையும் வந்து நிற்கின்றன. படிக்கிறவனை அழவைப்பது அந்தத் திண்ணைதான். அப்படியென்றால் என் வீட்டில் எது? எங்களுக்குத் திண்ணை இல்லை, செடி வைத்த தொட்டியெல்லாம் பந்தல்காரன் நகர்த்தி உடைத்துவிட்டான்.

ஆசாரி வந்து கதவைப் பார்த்தார். மேல் கீலின் திருகாணி தளர்ந்து கதவு முன்பக்கம் சாய்ந்துவிட்டதாம், அதனால்தான் கீழ் மூலை நிலைப்படியில் உரசுகிறது, மழைக்காலத்தில் மரம் ஊறினால் இன்னும் இறுகும். திருகாணி ஓட்டையில் மரத்தக்கை அடித்து, நீளமான திருகாணி போட்டு, அடியில் கொஞ்சம் இழைத்தால் சரியாகிவிடும் என்றார். கல்யாண வேலை தலைக்கு மேல் கிடக்கிறது, முடிந்த பிறகு வாருங்கள் என்று அனுப்பினோம். அவர் போகும்போது கதவைத் திறக்கத் தெரியாமல் இழுத்துக்கொண்டிருந்தார். பெரியவள் போனில் பேசியபடியே வெளியிலிருந்து வந்து, கைப்பிடியைக் கொஞ்சம் தூக்கி, முழங்கையால் தள்ளிவிட்டு உள்ளே போனாள்.

தை 12

வந்துவிட்டது. அகவல், ஐந்து அடி.

தூக்கித் தள்ளினால் திறக்குமிக் கதவே
பாக்கிப் பேர்கள் பழக்கம் அறியார்
எந்நே ரத்தும் கொஞ்சம் உயர்த்தி
உந்தினால் போதும் மகளே
வந்ததேன் என்று வினவார் இங்கே

நேரிசை ஆசிரியப்பா, கடைசிக்கு முந்தின அடி மூன்று சீர், ஈற்றில் ஏகாரம், சட்டப்படி சரி. 'பாக்கி' அகவலில் வரலாமா என்று ஒரு உறுத்தல். 'மற்றப் பேர்கள்' என்று மாற்றினால் முதல் அடியோடு எதுகை போகிறது. தூக்கிக்குப் பாக்கிதான். மூன்றாம் அடியில் 'இடக்கை உயர்த்தி' என்றால் எகரத்துக்கு இகரம் மோனையாக வரும், பாட்டு இன்னும் கட்டாக இருக்கும். ஆனால் அவள் இடக்கையால் தூக்குவதில்லை, இடக்கையில் எப்போதும் போன். பொய் சொல்லி மோனை வாங்க வேண்டாம். கொஞ்சம் என்பதே இருக்கட்டும், கொஞ்சம்தானே தூக்க வேண்டும்.

தை 13

அவரிடம் படித்துக் காட்டினேன். நாலு அடி வரை தலையை ஆட்டினார். ஐந்தாவதில் நிறுத்திவிட்டார். "கிளம்புற அன்னைக்கே திரும்பி வர்றதப் பத்தியா பேசுவாங்க? அதுவும் அவங்க எல்லாரும் பக்கத்துல நிக்கிறப்ப?"

நான் ஒன்றும் சொல்லவில்லை. என் தங்கை ஒருமுறை ஆடி மாதம் இல்லாமல், தீபாவளி இல்லாமல், ஒரு சாதாரண வியாழக்கிழமை கையில் ஒரு பையோடு வந்து நின்றாள். அம்மா கதவைத் திறந்து கேட்ட முதல் கேள்வி, "என்னடி, திடீர்னு?" அம்மா கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை. தங்கை "சும்மாதான்" என்று சொல்லிவிட்டு மறுநாளே போய்விட்டாள். எதற்கு வந்தாள் என்று இன்றுவரை எங்களுக்குத் தெரியாது.

அந்த அடி இல்லாவிட்டால் இது கதவு திறக்கும் செய்முறை. பாட்டு இல்லை.

தை 14, ஞாயிறு

முகூர்த்தம் முடிந்தது. சாம்பாரில் உப்பு தூக்கல் என்று பெரியப்பா மட்டும் சொன்னார். சாயங்காலம் மாப்பிள்ளை வீட்டுக்கு அழைத்துப் போனார்கள். நாளை மறுவீட்டுக்கு வருவார்கள், அதனால் இது போவதில் சேராது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். மண்டபத்திலிருந்து போனாள், வாசலிலிருந்து இல்லை.

தை 15

வந்தார்கள். வந்ததும் சமையலறைக்குள் போய்ப் பால் பாத்திரத்தைத் திறந்து ஆடையை ஒதுக்கிவிட்டுக் குடித்தாள். மாப்பிள்ளை கதவோடு போராடினார். அவள் சிரித்தாளே தவிர எப்படி என்று சொல்லிக்கொடுக்கவில்லை. எனக்கு அதில் ஏனோ ஒரு அற்ப சந்தோஷம்.

தை 16

செவ்வாய்க்கிழமை மகளை அனுப்பக்கூடாது. செவ்வாய்க்கு நன்றி.

ஐந்தாவது அடியை மாற்றினால் என்ன என்று ராத்திரி பதினொரு மணிக்குப் பார்த்தேன். 'நன்மைகள் யாவும் நண்ணுக உனக்கே'. எதுகையும் இல்லை ஒன்றும் இல்லை, யார் வீட்டுப் பத்திரிகையிலும் அச்சடிக்கலாம். வேண்டாம்.

தை 17, புதன்

பன்னிரண்டு மணிக்கு ராகுகாலம் பிறக்கும், அதற்கு முன் கிளம்ப வேண்டும் என்று சம்பந்தியம்மா பத்தரைக்கே காரில் உட்கார்ந்துவிட்டார். மடியில் மஞ்சளும் வெற்றிலையும் கட்டி, சாமி கும்பிட்டு, அவள் வாசலைத் தாண்டினாள். அப்போதுதான் தாளை இடுப்பிலிருந்து எடுத்தேன். நான் உள்ளே, அவள் வெளியே. என் நாத்தனார் சத்தம் போட்டார்: நிலைப்படிக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நின்றுகொண்டு எதையும் கொடுக்கக்கூடாது, பேசவும் கூடாது. சரி, உள்ளே வா என்று அவளைக் கூப்பிடலாம் என்றால், கிளம்பியவள் திரும்பி உள்ளே வரக்கூடாது. பன்னிரண்டு நாளாக நான் மனதில் நின்ற இடம் அந்த நிலைப்படி. அங்கே நின்று பேச எனக்கு அனுமதி இல்லை.

நான்தான் வெளியே போனேன். தெருவில், காருக்குப் பக்கத்தில், ஓட்டுநர் டிக்கியை அறைந்து சாத்திக்கொண்டிருக்க, படித்தேன். முதல் அடியிலேயே அவளுக்குப் புரிந்துவிட்டது, கதவைத் திரும்பிப் பார்த்தாள். நாலாவது அடியில் 'மகளே' என்று முடித்து நிமிர்ந்தால், கார் ஜன்னலைத் திறந்துவைத்துச் சம்பந்தியம்மா ஆசையாகக் கேட்டுக்கொண்டிருக்கிறார். கண் கலங்கியிருந்தது அவருக்கு. நிஜமாகவே நல்லவர்.

தாளை மடித்துவிட்டேன். எல்லாரும் கை தட்டினார்கள். என் வீட்டுக்காரர் என்னைப் பார்க்கவில்லை.

தை 18

பால் அரை லிட்டர் மிச்சம்.

தை 19

சின்னவள் எடுத்த வீடியோவை இருபது பேர் பாராட்டிவிட்டார்கள். கதவைப் பற்றிப் பாட்டா, புதுமையாக இருக்கிறதே என்று ஒருத்தி. நற்றிணைத் தாய் நினைவுக்கு வருகிறாள். இவ்வளவு கிட்டத்தில் நிற்கவைத்தும் நான் சொல்லவில்லை. அவளுக்காவது சொல்ல ஆள் எதிரில் இல்லை.

சின்னவளிடம் வீடியோவை யாருக்கும் அனுப்பாதே என்றேன். ஏற்கெனவே அக்காவுக்குப் போய்விட்டதாம்.

தை 21

காலை ஆறரைக்குப் பெரியவளிடமிருந்து செய்தி. சாப்பாடு, வீடு, குளிர் பற்றி ஒன்றும் இல்லை. இதுதான்:

"அம்மா வீடியோ நாலு தடவ பாத்தேன். 'உந்தினால் போதும் மகளே', மூணு சீர்தான் வருது. பத்தாவதுல நீதான் போர்டுல எழுதிப் போட்ட, ஆசிரியப்பாவுல கடைசிக்கு முந்தின அடிதான் மூணு சீர்னு. அப்ப அஞ்சாவது அடி எங்கம்மா?"

தட்டச்சு செய்தேன், அழித்தேன். போனை அவர் பார்க்கிற மாதிரி மேஜையில் வைத்துவிட்டுக் குளிக்கப் போனேன். வந்து பார்த்தால் போன் வைத்த இடத்தில்தான் இருக்கிறது, ஆனால் திரை கீழ்ப்பக்கமாக.

தை 22

அனுப்பிவிட்டேன். ஒரே ஒரு அடி, மேலே கீழே ஒன்றும் எழுதாமல். பார்த்துவிட்டாள் என்று காட்டுகிறது. பதில் இல்லை.

தை 23

ஆசாரி இழைப்புளியோடு வந்தார். காப்பி கொடுத்து, கதவு அப்படியே இருக்கட்டும் என்று திருப்பி அனுப்பிவிட்டேன். அவர் ஒன்றும் கேட்கவில்லை, எழுந்து போய் ஆசாரிக்குக் கதவைத் தூக்கித் திறந்துவிட்டார்.