மணிக்கு 350 ரூபாய் என்று நினைத்திருந்தேன்

2024 ஏப்ரலில் வேலையை விட்டேன். கோவையில் ஒரு கட்டுமான நிறுவனத்தில் தூண், பீம், கம்பிக் கணக்குப் போடும் ஸ்ட்ரக்சுரல் டிசைன் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். கைக்கு வந்தது மாதம் 60,000. அதே வேலையை வீட்டிலிருந்து, எனக்காகவே செய்வது என்று முடிவு. விலையைப் போட ஐந்து நிமிடம்தான் ஆனது. மாதம் 22 நாள், நாளுக்கு எட்டு மணி நேரம், ஆக 176 மணி. வகுத்தால் 341 வந்தது. சரி, 350 என்று வைத்துக்கொண்டேன்.

எங்கள் தொழிலில் மணிக்கணக்கை யாரும் கேட்க மாட்டார்கள், "சதுர அடிக்கு எவ்வளவு?" என்பார்கள். 2,000 சதுர அடி வீட்டுக்கு எனக்கு 22 மணி நேரம் பிடிக்கும். 350ஆல் பெருக்கினால் 7,700. அதனால் சதுர அடிக்கு நாலு ரூபாய் என்று சொல்லிவந்தேன். வேலை நன்றாகவே வந்தது, வராமல் என்ன செய்யும்!

ஆண்டு முடிவில் கைக்கு வந்திருந்தது 3,32,000. மாதம் 28,000கூட இல்லை. நாள் முழுக்க உட்கார்ந்திருந்தேனே, எங்கே போனது?

நல்லவேளையாக ஒரு நோட்டில் நேரத்தைக் குறித்துவைக்கும் பழக்கம் இருந்தது. எடுத்துக் கூட்டினேன். வாரத்துக்கு ஐந்து நாள் என்றால் ஆண்டுக்கு 260 நாள். பண்டிகை, சொந்த விடுப்பு, காய்ச்சல் எல்லாமாக 30 நாள் போனது. வேலையில் இருந்தபோது அந்த நாட்களுக்கும் சம்பளம் வந்ததால் அவை கண்ணில் பட்டதே இல்லை. அப்புறம் ஆடியும் மார்கழியும். பூமி பூஜை போட மாட்டார்கள், புது விசாரிப்பும் நின்றுவிடும். இரண்டிலும் சேர்த்து ஆறு வாரம் சும்மா இருந்திருக்கிறேன். அதைக் கழித்தால் மிச்சம் 200 நாள். அந்த நாட்களிலும் எட்டு மணி நேரத்தில் ஐந்து மணி நேரம்தான் காசாகியிருந்தது. மற்ற மூன்றும் போன், கொட்டேஷன், சைட்டுக்குப் போய்வருவது, பாக்கி கேட்பது. ஆக, ஆண்டுக்கு நான் விற்க முடிந்தது 1,000 மணி. நான் மனதில் வைத்திருந்ததோ 2,112.

இரண்டாவதாக, தேவை எவ்வளவு என்று எழுதினேன். பழைய சம்பளம் 7,20,000. என் பங்கும் நிறுவனத்தின் பங்குமாக மாதம் 3,600 பி.எஃப். போய்க்கொண்டிருந்தது, அது 43,200. நிறுவனம் கட்டிய மருத்துவக் காப்பீட்டை இப்போது நானே கட்டுகிறேன், 24,000. கம்ப்யூட்டர் தேய்மானம், சாஃப்ட்வேர், இன்டர்நெட், ஆடிட்டர் எல்லாம் சேர்ந்து 68,000. மொத்தம் 8,55,200. நூறு ரூபாய் பில்லில் ஐந்து ரூபாயாவது வராமல் போகிறது என்று நோட்டே சொன்னது. அதையும் சேர்த்தால் 9,00,000 பில் போட வேண்டும். 1,000 மணியால் வகுத்தால் மணிக்கு 900.

வரியை நினைத்துத்தான் அதிகம் பயந்தேன். புதிய வரி முறையில் 2025-26 முதல் 12 லட்சம் வரையிலான வருமானத்துக்குத் தள்ளுபடி இருப்பதால் என் கணக்கில் வரி பூஜ்யம். ஆண்டுக்கு 20 லட்சத்தைத் தாண்டாததால் ஜி.எஸ்.டி. பதிவும் தேவைப்படவில்லை. படுத்தியது டி.டி.எஸ். நிறுவனங்கள் பில்லில் 10 சதவீதத்தை வரிக்காகப் பிடித்துக்கொண்டு மீதியைத் தரும். ரிட்டர்ன் போட்ட பிறகுதான் அது திரும்பி வரும். செலவாகாத பணம்தான், ஆனால் கைக்கும் வராது. ஒரு பில்டர் பிடித்த தொகையை வரித்துறைக்குக் கட்டாமலே வைத்திருந்தார். என் பேரில் கட்டிய வரியைக் காட்டும் 26AS அறிக்கையில் பார்த்ததால் தெரிந்தது, மூன்று முறை போன் செய்த பிறகு கட்டினார். அதிலிருந்து மூன்று மாதத்துக்கு ஒருமுறை பார்த்துவிடுகிறேன்.

புது விலைப்படி அதே வீட்டுக்கு 22 மணி, 19,800. சதுர அடிக்குப் பத்து ரூபாய் என்று சொன்னேன்.

"என்னங்க தம்பி, ஒரே அடியா ஏத்திட்டீங்க?" என்றார் பழைய பில்டர் ஒருவர்.

"போன தடவை பில்லர் போட்ட பிறகு படிக்கட்டை மாத்தினீங்களேங்க, அதுக்கு மட்டும் ஐந்து மணி நேரம் ஆச்சு."

அவருக்கு எட்டு ரூபாய்க்கு இறங்கினேன், பாதிப் பணம் முன்கூட்டியே என்ற நிபந்தனையோடு. இரண்டு பேர் போய்விட்டார்கள். இப்போது கொட்டேஷனிலேயே இரண்டு திருத்தம் இலவசம், அதற்கு மேல் மணிக்கு 900 என்று எழுதுகிறேன். படிக்கட்டு அவ்வளவாக இடம் மாறுவதில்லை.

வரும் பணமெல்லாம் ஒரு தனிக் கணக்கில் விழுகிறது. அங்கிருந்து ஒன்றாம் தேதி 60,000 மட்டும் வீட்டுக் கணக்குக்குப் போகும். போன மார்கழியில் ஒரு பில்கூடப் போடவில்லை, ஆனாலும் ஒன்றாம் தேதி போக வேண்டியது போனது.