இருநூறு டாலர் போய், குறைவாகத் திரும்பி வந்த கதை

வெளிநாட்டுத் தளம் ஒன்றில் 200 டாலருக்கு ஒரு லென்ஸ் வாங்கினேன். அது என் கேமராவுக்குப் பொருந்தவில்லை, திருப்பி அனுப்பினேன். முழுப் பணத்தையும் திருப்பிவிட்டதாகக் கடையிலிருந்து மின்னஞ்சல் வந்தது. கார்டு கணக்கைப் பார்த்தால் வாங்கும்போது 10,300 போயிருக்கிறது, திரும்பி வந்ததோ 9,506. கிட்டத்தட்ட 800 காணோம்.

கடைக்காரரோடு சண்டைக்குப் போகுமுன் ஒன்று பார்க்க வேண்டும்: அவர் அனுப்பியது எத்தனை டாலர்? பில்லிலும் 200, ரீஃபண்ட் ரசீதிலும் 200. அப்படியானால் அவர் பக்கம் கணக்கு சரி. டாலரிலேயே குறைந்திருந்தால்தான், அதாவது ஷிப்பிங்கையோ வேறு எதையோ கழித்திருந்தால்தான், அவரைக் கேட்க முடியும். மிச்சமெல்லாம் கார்டு பக்கம் நடப்பது.

கார்டு நெட்வொர்க்குகளின் இணையதளத்தில் நாணய மாற்றுக் கணிப்பான் இருக்கும். தேதியைக் கொடுத்தால் அன்றைய மதிப்பு வரும். ஆர்டர் போட்ட தேதியைக் கொடுத்தேன், பொருந்தவில்லை. இரண்டு நாள் கழித்துக் கணக்கில் பதிவான தேதியைக் கொடுத்ததும் சரியாக வந்தது: ஒரு டாலருக்கு 50. எந்தத் தேதியை எடுப்பார்கள் என்பது கார்டுக்குக் கார்டு மாறும், இரண்டையும் போட்டுப் பார்ப்பது நல்லது. ஆக 10,000, அதற்கு மேல் வங்கியின் வெளிநாட்டுப் பரிவர்த்தனைக் கட்டணம் 3 சதவீதம், 300.

ரீஃபண்டை வங்கி பழைய வாங்கலை அழிப்பதாகப் பார்ப்பதில்லை. அது தனியொரு பரிவர்த்தனை, பதிவாகும் நாளின் மதிப்பில்தான் மாறும். அதற்குள் டாலர் 49-க்கு இறங்கியிருந்தது. அதனால் 9,800. டாலர் ஏறியிருந்தால் எனக்கு லாபம், இது அதிர்ஷ்டம்தான்.

ஆனால் வந்தது 9,506. அந்த 294 எங்கே? 9,800-இல் 3 சதவீதம்! திரும்பி வரும் பணத்துக்கும் கட்டணம் பிடித்திருக்கிறார்கள்.

இங்கேதான் கொஞ்சம் கோபம் வந்தது. வங்கியின் கட்டணப் பட்டியலை எடுத்துப் பார்த்தேன். கட்டணம் 'வாங்கும் பரிவர்த்தனைகளுக்கு' என்றுதான் இருந்தது. "ரீஃபண்ட் குறைவாக வந்திருக்கிறது" என்று பொதுவாக எழுதினால், நாணய மதிப்பு மாறும் என்று ஒரு வரிப் பதில்தான் வரும். அதனால் இரண்டு பதிவுகளின் தேதி, மதிப்பு, 294 எப்படி வந்தது என்ற கணக்கு, பட்டியலின் அந்த வரி எல்லாவற்றையும் சேர்த்துப் புகார் எழுதினேன். 294 திரும்ப வந்தது. முதலில் பிடித்த 300 வரவில்லை, மாற்றிக் கொடுத்த வேலைக்கான கட்டணம் அது என்றார்கள். மதிப்பு இறங்கியதால் போன 200-க்குக் கேட்க ஆளே இல்லை.

அப்புறம் இன்னொரு ஆர்டரை, கணக்கில் 'பெண்டிங்' என்று இருக்கும்போதே ரத்து செய்தேன். கடை பணத்தை எடுத்திருக்கவில்லை, பிடித்து மட்டும் வைத்திருந்தது. விடுவித்ததும் ஒரு காசு குறையாமல் அப்படியே வந்துவிட்டது.