தேதி வாரியாக ஒரு கோபம்

வீட்டு உபயோகப் பொருள்களைத் தயாரிக்கும் ஒரு நிறுவனத்தின் குறைதீர்ப்புப் பிரிவில் ஒன்பது ஆண்டுகள் வேலை பார்த்தேன். காலையில் கணினியைத் திறந்தால் இரண்டு வரிசைகள் காத்திருக்கும். ஒன்றில் இணையத்தில் எழுதப்பட்ட விமர்சனங்கள் இருக்கும். மற்றொன்றில் மின்னஞ்சல் வழியாக வந்த புகார்கள் இருக்கும். விமர்சனங்களுக்கு அன்றைக்கே பதில் போட்டாக வேண்டும் என்பது விதி. அதற்கான பதிலும் தயாராக இருந்தது: சிரமத்திற்கு வருந்துகிறோம், உங்கள் கைப்பேசி எண்ணை இந்த முகவரிக்கு அனுப்புங்கள். அதை ஒட்டியவுடன் எங்கள் கணக்கில் அந்த வேலை முடிந்துவிடும். எண்ணை அனுப்பியவர்கள் மிகச் சிலரே. அனுப்பாதவரின் பதிவை நாங்கள் தேடியும் கண்டுபிடிக்க முடியாது, ஏனென்றால் விமர்சனத்தில் இருக்கும் பெயரை மட்டும் வைத்து லட்சக்கணக்கான வாடிக்கையாளர்களில் ஒருவரை அடையாளம் காண வழியில்லை.

புகார் வரிசை வேறு மாதிரி. அதில் சீரியல் நம்பரும் முந்தைய சர்வீஸ் அழைப்பின் எண்ணும் இருந்தால், அந்தப் பொருளின் முழு வரலாறும் திரையில் விரியும். யார் எப்போது போனார், என்ன மாற்றினார், எவ்வளவு வாங்கினார் என்பதெல்லாம் தெரியும். கடிதத்தில் இருப்பதும் திரையில் இருப்பதும் முரண்பட்டால், கிளை சர்வீஸ் மேலாளர் எழுத்தில் விளக்கம் தரும் வரை அந்தப் புகாரை எங்களால் மூட முடியாது. ஒரே மனிதர் ஒரே கோபத்தோடு எழுதிய இரண்டு எழுத்துகளுக்கு இரண்டு விதமான கதி ஏற்படுவதை நாள்தோறும் பார்த்தவன் என்பதால், வேலையை விட்ட பிறகும் தெரிந்தவர்கள் கேட்டால் உட்கார்ந்து எழுதிக் கொடுக்கிறேன்.

எங்கள் தெருவில் வசிக்கும் ஆசிரியை ஒருவர், 2024 ஜூன் மாதத்தில், பள்ளி திறப்பதற்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை கைப்பேசியோடு வந்தார். அவர் வாங்கியது வேறொரு நிறுவனத்தின் ஃப்ரிட்ஜ். ஐந்து மாதம்கூட ஆகவில்லை. மேலே ஃப்ரீசரில் ஐஸ் கட்டுகிறது, கீழே வைத்த பால் திரிந்துபோகிறது. அவருடைய அம்மாவுக்கு இன்சுலின் போடுகிறார்கள் என்பதால் வெறும் பால், மாவோடு போகிற இழப்பாகவும் அது இல்லை. மூன்றாம் முறை டெக்னீஷியன் வந்து போன அன்று இரவு அவர் எழுதியிருந்த விமர்சனம் இது:

“மோசடிக் கம்பெனி. யாரும் வாங்காதீர்கள். மூன்று தடவை வந்தும் ஒன்றும் செய்யவில்லை. போலி பாகம் போட்டுப் பணம் பிடுங்கிய திருடன். எங்கள் அம்மாவுக்கு ஏதாவது ஆனால் நீங்கள்தான் பொறுப்பு.”

அதற்குக் கீழே அந்த டெக்னீஷியனின் பெயரும் கைப்பேசி எண்ணும் இருந்தன. முதலில் அவை இரண்டையும் நீக்கச் சொன்னேன். ஒருவரைப் பெயர் சொல்லித் திருடன் என்று எழுதினால், அதை நிரூபிக்க வேண்டிய சுமை எழுதியவர் தலையில் விழும்; நிறுவனத்தின் வழக்கறிஞருக்கு ஃப்ரிட்ஜைப் பற்றிப் பேசாமல் அவதூறைப் பற்றிப் பேச இடம் கிடைத்துவிடும்.

பிறகு ஒவ்வொரு வரியாக எடுத்து, “டீச்சர், இதில் எதை நீங்கள் கண்ணால் பார்த்தீர்கள்?” என்று கேட்டேன். போலி பாகம் என்று எப்படித் தெரியும் என்றதற்கு அவர் சற்று யோசித்து, “புது பாகம் எந்தப் பெட்டியிலயும் வரல தம்பி, சட்டைப் பையிலிருந்துதான் எடுத்தார். பழசையும் காட்டல” என்றார். கடிதத்தில் இடம்பெற வேண்டியது இந்த வாக்கியந்தான். போலி என்பது அவர் எடுத்த முடிவு. அதை நிறுவனம் ஒரே சொல்லில் மறுத்துவிடலாம். மாற்றிய பாகத்தின் எண், டெக்னீஷியன் வேலை விவரத்தை எழுதித் தரும் ஜாப் ஷீட்டில் எழுதப்படவில்லை, பழைய பாகம் காட்டப்படவில்லை என்பதை மறுக்க வேண்டுமென்றால் அவர்கள் அந்த ஜாப் ஷீட்டையே எடுத்து வைக்க வேண்டும். பணம் பிடுங்கினார் என்பதற்குப் பின்னால் இன்னும் வலுவான செய்தி இருந்தது. வாரண்டி காலத்தில் இலவசமாகச் செய்ய வேண்டிய வேலைக்கு ₹1,850 வாங்கப்பட்டிருக்கிறது. அதுவும் டெக்னீஷியனின் சொந்த எண்ணுக்கு யூபிஐ மூலம், ரசீது இல்லாமல். பரிவர்த்தனை எண் அவருடைய கைப்பேசியிலேயே இருந்தது. இவ்வளவு பெரிய ஆதாரத்தைக் கையில் வைத்துக்கொண்டு, திருடன் என்ற ஒற்றைச் சொல்லில் அதை மூடிவைத்திருந்தார்.

நான் அதிக நேரம் செலவிட்டது ஓடிபி விஷயத்தில். மூன்று முறையும் டெக்னீஷியன் கிளம்பும்போது, “மேடம், ஒரு ஓடிபி வரும், சொல்லுங்க” என்று கேட்டு வாங்கியிருக்கிறார். தான் வந்து போனதற்கான பதிவு என்று சொல்லியிருக்கிறார். பல நிறுவனங்களில் அந்த ஓடிபி, வேலை முடிந்ததை வாடிக்கையாளர் ஒப்புக்கொண்டதற்கான அடையாளம். ஆகவே டீச்சர் கொதித்துக்கொண்டிருந்த அதே நேரத்தில், நிறுவனத்தின் திரையில் மூன்று அழைப்புகளும் வாடிக்கையாளர் ஒப்புதலோடு முடிந்தவையாக இருந்திருக்கும். கடைசி அழைப்பில், கேஸ் நிரப்ப ₹3,200 ஆகும் என்று சொல்லி இவர் மறுத்திருந்ததால், வாடிக்கையாளர் செலவை ஏற்கவில்லை என்ற குறிப்போடு மூடியிருப்பார்கள் என்று என் அனுபவத்திலிருந்து ஊகித்தேன். ஒன்றுமே செய்யவில்லை என்று எழுதும் கடிதம் இந்தத் திரைக்கு முன்னால் நிற்காது. படிப்பவர் பதிவைத்தான் நம்புவார். அதனால் ஓடிபி கொடுத்ததை மறைக்காமல், என்ன சொல்லிக் கேட்டார்கள் என்பதையும் சேர்த்து நாமே எழுதிவிட வேண்டும் என்று முடிவு செய்தோம்.

அடுத்தது குளிர்ச்சி. சரியாகக் குளிரவில்லை என்பது ஒருவருடைய அபிப்பிராயமாகவே வாசிக்கப்படும். சமையலறையில் பயன்படுத்தும் சாதாரண டிஜிட்டல் வெப்பமானி ஒன்றைக் கொடுத்து, கீழ்ப் பகுதியின் நடுத்தட்டில் ஒரு டம்ளர் தண்ணீருக்குள் அதை இரவில் போட்டுவிட்டு, காலையில் கதவைத் திறந்தவுடன் படம் எடுக்கச் சொன்னேன். கதவைத் திறந்ததும் உள்ளே காற்றின் வெப்பநிலை மாறிவிடும். தண்ணீர் அவ்வளவு சீக்கிரம் மாறாது. மறுநாள் காலை 6.10 மணிக்கு அது 17 டிகிரி காட்டியது. திறக்காத இன்சுலினை 2 முதல் 8 டிகிரிக்குள் வைக்க வேண்டும் என்று அதன் பெட்டியிலேயே அச்சிட்டிருக்கிறது. இரண்டையும் அருகருகே வைத்து இன்னொரு படம் எடுத்தார். அம்மாவுக்கு ஏதாவது ஆனால் என்று தொடங்கிய வரி சொல்லாத பயத்தை அந்தப் படம் சொன்னது.

என்ன கேட்பது என்பதில்தான் எங்களுக்குள் கருத்து வேறுபாடு வந்தது. புதிய ஃப்ரிட்ஜும் மன உளைச்சலுக்கு ₹50,000 இழப்பீடும் வேண்டும் என்றார் டீச்சர். அவருடைய உளைச்சல் உண்மையானது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் குறைதீர்ப்புப் பிரிவில் உட்கார்ந்திருப்பவருக்குச் சில எல்லைகளுக்குள்தான் அதிகாரம் உண்டு. அவரால் இலவசப் பழுதுபார்ப்புக்கு உத்தரவிட முடியும், தவறாக வாங்கிய பணத்தைத் திருப்பித் தரச் சொல்ல முடியும், பொருளை மாற்றித் தர மேலிடத்துக்குப் பரிந்துரைக்க முடியும். உளைச்சலுக்கான இழப்பீட்டை அவரால் தர முடியாது. அதை முதல் கோரிக்கையாக வைத்தால் முழுக் கடிதமும் சட்டப் பிரிவுக்குப் போய் அங்கேயே கிடக்கும். அந்தத் தொகையை நுகர்வோர் ஆணையத்தில் கேட்கும் உரிமை இதனால் போய்விடாது என்று விளக்கிய பிறகு சம்மதித்தார்.

கடைசியில் அனுப்பிய கடிதம் ஒரு பக்கத்துக்குள் அடங்கியது. இன்வாய்ஸ் எண், மாடல், சீரியல் நம்பர் ஆகியவற்றுக்குப் பிறகு இப்படித் தொடர்ந்தது:

“08.05.2024: முதல் வருகை. ஃப்ரிட்ஜை ஒரு நாள் அணைத்து வைக்கச் சொன்னார். பத்து நாள் இயங்கியது. மீண்டும் அதே பழுது. 20.05.2024: இரண்டாம் வருகை. சென்சார் மாற்றியதாகக் கூறி ₹1,850 பெற்றார். ரசீது இல்லை, ஜாப் ஷீட்டில் பாகத்தின் எண் இல்லை, பழைய பாகம் காட்டப்படவில்லை. யூபிஐ விவரம் இணைப்பில். 03.06.2024: மூன்றாம் வருகை. கேஸ் நிரப்ப ₹3,200 கேட்டார். வாரண்டி காலம் என்பதால் மறுத்தேன். மூன்று முறையும் வருகைப் பதிவு என்று கூறியே ஓடிபி பெறப்பட்டது; பழுது நீங்கியதாக நான் ஒருமுறையும் ஒப்புக்கொள்ளவில்லை. 10.06.2024 காலை 6.10 மணிக்குக் கீழ்ப் பகுதியின் வெப்பநிலை 17 டிகிரி. படம் இணைப்பில்.

பழுதின் காரணத்தை எழுத்தில் தந்து இலவசமாகச் சரிசெய்யவும், ₹1,850-ஐத் திருப்பித் தரவும், சரிசெய்த 30 நாள்களுக்குள் இதே பழுது வந்தால் பொருளை மாற்றித் தரவும் கேட்டுக்கொள்கிறேன். 25.06.2024-க்குள் எழுத்துப்பூர்வமான பதில் கிடைக்காவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி மையத்திலும், அதன் பின் மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலும் முறையிடுவேன்.”

கடைசி வாக்கியத்தை மிரட்டலாக எழுதவில்லை, செய்யப்போவதைத்தான் எழுதினோம். உதவி மையத்தின் எண் 1915. அது நிறுவனத்துக்குப் புகாரை அனுப்பிப் பதில் கேட்குமே தவிர, அதனால் உத்தரவிட முடியாது. உத்தரவிடும் அதிகாரம் ஆணையத்துக்கு உண்டு. 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, புகார்தாரர் தாம் வசிக்கும் மாவட்டத்திலேயே இரண்டு ஆண்டுகளுக்குள் வழக்குத் தொடுக்கலாம். பொருளுக்குக் கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் கட்டணமும் இல்லை. பணத்தைத் தந்தால் விமர்சனத்தை நீக்கிவிடுகிறேன் என்று ஒரு வரி சேர்க்கலாமா என்று டீச்சர் கேட்டபோது மட்டும் கண்டிப்பாக மறுத்தேன். நியாயமான கோரிக்கையைப் பேரமாக மாற்றிவிடும் வரி அது. பின்னால் ஆணையத்தின் முன் நிற்க நேர்ந்தால் அவருக்கு எதிராகவே படிக்கப்படும்.

மூன்றாம் நாள் கிளை மேலாளரே தொலைபேசியில் அழைத்தார். பேசியதை மின்னஞ்சலாக அனுப்பச் சொல்லுமாறு டீச்சரிடம் முன்கூட்டியே சொல்லியிருந்தேன். அப்படியே கேட்டார், வந்தது. வேறொரு டெக்னீஷியன் வந்து பின்பலகையைக் கழற்றியபோது, குளிர்விக்கும் சுருளைச் சுற்றி ஐஸ் பாளமாக உறைந்திருந்தது. ஐஸை அவ்வப்போது உருக்க வேண்டிய ஹீட்டர் வேலை செய்யவில்லை; அதனால் குளிர்ந்த காற்று கீழே இறங்கும் வழி அடைபட்டிருந்தது. ஒரு நாள் அணைத்து வைத்தபோது ஐஸ் கரைந்ததால்தான் பத்து நாள் ஓடியிருக்கிறது. கேஸில் குறையே இல்லை. ஹீட்டரை மாற்றி, பாகத்தின் எண்ணை ஜாப் ஷீட்டில் எழுதிக் கொடுத்தார். ₹1,850 அடுத்த வாரம் வங்கிக் கணக்குக்கு வந்தது. வீணான இன்சுலினுக்குத் தனியாக அனுப்பிய மருந்துக்கடை பில்லை, வாரண்டியில் அடங்காது என்று மறுத்துவிட்டார்கள். அது தவறு என்றே இன்றும் நினைக்கிறேன்.

டீச்சர் விமர்சனத்தை நீக்கவில்லை. பழைய வரிகளை எடுத்துவிட்டு, மூன்று வருகைகளையும் தேதியோடு எழுதி, நான்காம் வருகையில் சரியானதையும் பணம் திரும்ப வந்ததையும் இன்சுலின் பில் மறுக்கப்பட்டதையும் சேர்த்து, ஒரு நட்சத்திரத்தை இரண்டாக்கினார். அதன் கீழே நிறுவனத்தின் பதில் ஒன்று வந்தது. இந்த முறை அதில் டீச்சரின் புகார் எண் இருந்தது.