கறுப்புக் கட்டம்

"இப்ப கறுப்பா இருக்கு தம்பி. நீங்க போனதுக்கப்புறம்?"

அந்த அக்கா கேட்டது அவ்வளவுதான். கேமரா மாட்டும் வேலையில் இத்தனை வருஷம் இருந்தும் எனக்குப் பதில் வரவில்லை.

ஜவுளிக்கடையின் பெண் ஊழியர் அறை அது. மதியம் சாப்பிடுவதும் அங்கேதான், சுடிதாரில் வந்து யூனிஃபார்ம் சேலைக்கு மாறுவதும் அங்கேதான். லாக்கரில் இரண்டு தடவை பணம் காணாமல் போனதால், கேமரா போடச் சொல்லி அவர்களில் சிலரே கேட்டதாக முதலாளி சொன்னார். விசாரித்தேன், உண்மைதான். இதை எனக்கே நான் அடிக்கடி சொல்லிக்கொள்கிறேன்.

லாக்கருக்கு நேராக டோம் கேமரா மாட்டினேன். 2.8 மி.மீ. லென்ஸ் அகலமாகப் பிடிக்கும். உடை மாற்றும் மூலையும் ஓரத்தில் விழுந்தது. அந்த இடத்தைக் கறுப்புக் கட்டமாக மறைக்கும் பிரைவசி மாஸ்க் போட்டேன். கேமராவிலேயே போடுவதால் பதிவிலும் கறுப்புதான், பிறகு யாரும் தோண்டி எடுக்க முடியாது. போனில் அதைக் காட்டியபோதுதான் அக்கா கேட்டார்.

"பாஸ்வேர்டு இல்லாம அந்தக் கட்டத்தை எடுக்க முடியாதுக்கா."

"பாஸ்வேர்டு யாருகிட்ட?"

சூப்பர்வைசர் பக்கத்திலேயே நின்றிருந்தார்.

நான் சொல்லாமல் விட்டது இன்னொன்று. மாஸ்க் ஒட்டியிருப்பது படத்தில்தான், அறையில் இல்லை. அது கையாலேயே திரும்பும் மலிவான டோம். தூசி தட்டும்போது கொஞ்சம் நகர்ந்தாலும் கட்டம் திரையில் அதே இடத்தில் நிற்கும். அதன் பின்னால் சுவர் வந்துவிடும், மூலை வெளியே தெரியும். கீழே நிற்பவருக்கு எந்த வித்தியாசமும் தெரியாது.

அப்படி வெளியே தெரிந்துவிட்டால், பாரதிய நியாய சன்ஹிதா 77-ஆம் பிரிவுப்படி பதிவுகூட வேண்டாம், பெண் உடை மாற்றுவதைப் பார்த்தாலே குற்றம். ஆனால் நான் மாட்டிய அன்று எதுவும் தெரியவில்லையே. சட்டப்படி நான் சரி என்றுதான் இன்றும் நினைக்கிறேன். நினைத்துவிட்டு அந்தக் கேள்விக்கே திரும்பி வருகிறேன். அறை வாசலுக்கு வெளியே ஒரு கேமரா இருந்தாலே யார் எப்போது உள்ளே போனார்கள் என்று தெரிந்திருக்கும். லாக்கரை வராந்தாவுக்கு நகர்த்தச் சொல்லியிருக்கலாம். கொட்டேஷன் முடிந்த வேலை, வாயைத் திறக்கவில்லை.

மூன்று வாரம் கழித்து சூப்பர்வைசர் கூப்பிட்டார். அந்தக் கேமராவில் படமே இல்லையாம், அலாரம் மட்டும் அடிக்கிறதாம். போய்ப் பார்த்தால் டோமைச் சுற்றி ஒரு பழைய துப்பட்டா, இரண்டு முடிச்சுப் போட்டு இறுக்கமாகக் கட்டியிருந்தது.

சாப்பாட்டு நேரம். ஏணியில் ஏறி நானே அவிழ்த்தேன். டோம் திரும்பியிருந்தால் சரி செய்யத்தானே வேண்டும் என்று ஒரு காரணம் வைத்திருந்தேன். திரும்பவில்லை, கட்டம் இருந்த இடத்தில்தான் இருந்தது. துப்பட்டாவை மடித்து லாக்கர் மேல் வைத்தேன். அந்த அக்கா டிபன் பாக்ஸிலிருந்து நிமிர்ந்து பார்க்கவில்லை.