நிம்மலகுண்டாவில் ஓர் அனுமன்

எங்கள் வீட்டுக் கூடத்துச் சுவரில் நாலு வருடமாக ஒரு தோல் அனுமன் தொங்குகிறார். ஒரு கைவினைக் கடையில் வாங்கியது. பச்சை உடம்பு, சிவப்புக் கச்சை, வெள்ளை வெளேரென்ற முத்துமாலை. பார்க்கிறவர்கள் எல்லோரும் அழகு என்பார்கள். ஒரு நாள் மின்சாரம் போனபோது மகள் விளையாட்டாக அவருக்குப் பின்னால் டார்ச் அடித்தாள். பச்சையும் தெரியவில்லை, சிவப்பும் தெரியவில்லை. குரங்கு வடிவத்தில் ஒரு கறுப்புத் திட்டுதான் நின்றது. முத்துமாலை இருந்த இடம் எல்லாவற்றையும் விடக் கறுப்பு.

ஏன் இப்படி என்று தோல் பொம்மை செய்கிறவர்களிடமே கேட்க, அடுத்த முறை பெங்களூருக்கு வேலையாகப் போனபோது இரண்டு நாள் கூட்டி விடுப்பு எடுத்துக்கொண்டேன். ஆந்திராவின் இந்துப்பூரில் இறங்கி லேபாட்சி. அங்கே வீரபத்திரர் கோயில் விதானத்தில் 16ஆம் நூற்றாண்டு விஜயநகர ஓவியங்கள் இருக்கின்றன. பக்கவாட்டு முகம், நீண்டு கூர்ந்த கண், பூவேலை போட்ட சேலை. கழுத்து வலிக்கப் பார்த்துவிட்டு மறுநாள் ரயிலில் தர்மவரம் போனேன். பட்டுச் சேலைக்குப் பேர்போன ஊர். அங்கிருந்து ஆட்டோவில் நிம்மலகுண்டா. சாதாரண கிராமம்தான், ஆனால் பல வீட்டுத் திண்ணைகளில் மரப்பலகையும் சுத்தியுமாக ஆட்கள் உட்கார்ந்திருக்கிறார்கள். தெலுங்கில் தோலு பொம்மலாட்டா என்று சொல்லும் நிழல் கூத்தை ஆடிய குடும்பங்கள் இவை. 2020இல் பத்மஸ்ரீ பெற்ற தளவாய் சலபதி ராவ் இந்த ஊர்க்காரர். வீட்டுக்குள் மராத்தி, வெளியே தெலுங்கு. நம்மூர் தோல்பாவைக் கூத்துக் குடும்பங்களும் வீட்டில் மராத்திதான் பேசுகின்றன.

நான் போன வீட்டுக்காரருக்கு அறுபது வயது இருக்கும். கைப்பேசியில் என் அனுமன் படத்தைக் காட்டினேன். பார்த்ததுமே சிரித்தார். "இது சுவத்துக்குப் போட்ட பெயின்ட்டும்மா. பொம்மைக்குப் போடுறது மை." அரைகுறைத் தெலுங்கில் எனக்குப் புரிந்தது இவ்வளவுதான். மீதியைக் கையால் காட்டினார்.

முதலில் தோல். ஆட்டுத் தோலை வெந்நீரில் ஊறவைத்து, முடியையும் உள்பக்கச் சதையையும் சுரண்டி எடுக்கிறார்கள். பிறகு நாலு பக்கமும் இழுத்து ஆணியடித்து வெயிலில் காயவிடுகிறார்கள். செருப்புத் தோல் மாதிரி பதனிடுவது கிடையாது. பதனிட்டால் தோல் மெத்தென்று ஆகும், ஆனால் வெளிச்சத்தை விடாது. இப்படி இழுத்துக் காய்ந்த பதனிடாத தோலோ எண்ணெய்த் தாள் மாதிரி விறைப்பாக, வெளிர் மஞ்சளாக இருக்கிறது. ஒன்றை எடுத்து வாசல் வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தார். நடுவில் முதுகெலும்பு ஓடிய கோடு, அதிலிருந்து பிரியும் நரம்புத் தடம் எல்லாம் தெரிந்தது. இன்னொன்றைப் பிடித்தார். ஓரத்தில் மேகம் மாதிரி ஓர் இருட்டு. சுரண்டியது பற்றாமல் அங்கே தோல் தடிப்பாக நின்றுவிட்டதாம். கொழுப்பு மிச்சமிருந்தால் இன்னொரு தொல்லை, அந்த இடத்தில் மை பிடிக்காமல் வழுக்கிக்கொண்டு போகும். கூத்துக்கான பெரிய பொம்மைகள் ஆள் உயரத்துக்கு இருப்பதால் தலைக்கு, உடம்புக்கு, கைகால்களுக்கு என்று தனித்தனித் தோல் வேண்டும். நல்ல தோலை முகத்துக்கு ஒதுக்கிவிடுவேன் என்றார்.

அப்புறம் கறுப்பு மையால் கோடு. கோட்டுக்குள்ளே நீர்த்த சாய மை. ஒரு பக்கம் பூசிக் காய்ந்ததும் தோலைத் திருப்பி, மறுபக்கமும் அதே இடத்தில் அதே நிறம். என் குழப்பத்துக்கு விடை இங்கேதான் இருந்தது. சாயம் தோலுக்குள் ஊறுகிறது, வண்ணக் கண்ணாடி மாதிரி பின்னாலிருந்து வரும் வெளிச்சத்துக்கு நிறம் கொடுத்து அனுப்புகிறது. பெயின்ட் மேலே படிந்து வெளிச்சத்தை மறிக்கிறது. லேபாட்சி விதானத்தில் வெள்ளையைத் தீட்டலாம், அங்கே ஓவியத்தின் மேல் விழும் வெளிச்சத்தில்தான் பார்க்கிறோம். திரைக்குப் பின்னால் நிற்கும் பொம்மைக்கு வெள்ளை தீட்டினால் அதுவே கறுப்பாகிவிடும். என் அனுமனின் முத்துமாலைக்கு நேர்ந்தது அதுதான்.

அப்படியானால் முத்துக்கு என்ன செய்வது? துளைதான். மரப்பலகை மேல் தோலை வைத்து, இரும்பு உளியை நேராக நிறுத்தி ஒரே தட்டு. உளிகளின் முனை ஒவ்வொன்றும் ஒவ்வொரு மாதிரி: வட்டம், பிறை, அரிசி மணி. எனக்காக ஒரு சின்ன அனுமனின் கழுத்தில் மாலை போட்டார். முதலில் நடுவில் பெரிய வட்டம். அதைச் சுற்றி ஆறு பிறை. பிறகு இரு தோள்பக்கமும் சிறிய வட்டங்கள் வரிசையாக, நெல்மணி அளவு இடைவெளி விட்டு. இடைவெளியைக் குறைத்தால் மாலை இன்னும் மின்னும், ஆனால் துளைக்கும் துளைக்கும் நடுவே தோல் கிழிந்து மாலை முழுவதும் ஒரு நாள் ஜன்னலாகிவிடும். அப்படிக் கிழிந்து தைத்த பழைய சீதை ஒன்று பெட்டியில் இருந்தது. தையல் போட்ட இடத்தில் தோல் இரண்டு மடிப்பு, அதனால் கழுத்தில் ஒரு கரிய தழும்பு.

மூட்டுகளிலும் இதே சங்கடம்தான். மேல்கையும் முழங்கையும் ஒன்றன்மேல் ஒன்று வந்து கயிற்று முடிச்சில் சுழல்கின்றன. அங்கே தோல் இரட்டை, நிறமும் இருண்டுவிடும். அவர் செய்திருந்த கைகளில் அந்த இடத்துக்கு வங்கியும் காப்பும் வந்து, துளைகளால் இருட்டைக் கொஞ்சம் உடைத்துவிட்டிருந்தன. அலங்காரம் என்று நான் நினைத்த பாதி இப்படி வந்ததுதான் என்று தோன்றியது. இது என் ஊகம். அவரிடம் கேட்டதற்கு "அப்பா அப்படித்தான் போட்டார்" என்றார்.

இதை வைத்துப் பார்த்தால் மற்ற ஊர்களின் பாணியும் பிடிபடுகிறது. சில வருடம் முன்பு பாலக்காட்டுப் பக்கம் பகவதி கோயில் கூத்துமாடத்தில், கம்பராமாயணம் பாடி ஆடும் தோல்பாவைக்கூத்தை அரைத்தூக்கத்தில் பார்த்திருக்கிறேன். அங்கே முன்பு மான்தோல், இப்போது ஆட்டுத்தோல் என்றாலும் பாவை ஒளி புகாதது. வரிசையாக எரியும் 21 விளக்கின் வெளிச்சத்தில் உருவம் கறுப்பாக நிற்கும், முகமும் ஆடையும் நகையும் துளைகளாலேயே தெரியும். ஆந்திராவில் நிறம் செய்யும் வேலையை அங்கே உளி செய்கிறது. ஒடிசாவின் ராவணச்சாயாவில் நிறமும் இல்லை, மூட்டும் இல்லை. சின்னச் சின்ன உருவங்கள், வெளிக்கோட்டின் வெட்டுதான் எல்லாம். நமது தோல்பாவை ஆந்திரத்துக்கே நெருக்கம்: ஆட்டுத்தோல், ஊடுருவும் நிறம்.

சாயங்காலம் வீட்டுக்காரர் தன் மகனைக் கூப்பிட்டு ஒரு வேட்டியைக் கட்டி, பின்னால் பல்பு போட்டுக் காட்டினார். வெயிலில் மங்கலாகக் கிடந்த சின்ன அனுமன் திரையில் ஒட்டியதும் இளம் வாழையிலை நிறத்தில் எரிந்தார். பொம்மையை ஒரு சாண் பின்னுக்கு இழுத்தால் விளிம்பு கரைந்து உருவம் பெரிதாகிறது. மறுபடி ஒட்டினால் மாலையின் ஒவ்வொரு புள்ளியும் கூர்மை. இப்போது கூத்துக்கு அழைப்பு குறைவு, அதிகம் விற்பது விளக்குக்கூடுதான் என்றார். அதற்குச் சூடாகும் குண்டு பல்பு போடாதீர்கள், தோல் சுருங்கும், எல்இடி போடுங்கள் என்று இரண்டு முறை சொன்னார்.

மாலை போட்ட அந்த அனுமனையே வாங்கினேன். சுருட்டக்கூடாது என்று இரண்டு அட்டைகளுக்கு நடுவே கட்டிக் கொடுத்தார். ஜன்னலில் தொங்கவிட்டேன், காலை ஏழு மணி வெயிலுக்குத் தரையில் பச்சை விழும். பழையவர் சுவரிலேயே இருக்கிறார், அவருக்கு அதுதான் இடம். நவம்பர் மழையில் சென்னை ஈரக்காற்றுக்குப் புதியவரின் வால் மட்டும் உள்பக்கமாகச் சுருண்டது. இரண்டு நாள் தமிழகராதிக்கு அடியில் கிடந்தார், நிமிர்ந்துவிட்டார். அடுத்த மழைக்கு மறுபடி சுருளும் என்று செய்தவர் முன்பே சொல்லித்தான் அனுப்பினார்.