எல்லாம் நெகட்டிவ்தான்

"எல்லாம் நெகட்டிவ்தானுங்களே சார்?" என்று அந்த அம்மா கேட்டார். "ஆமாம்மா, எல்லாம் நெகட்டிவ். அடுத்த வாரம் முதல் ஊசி போட்டுடலாம்" என்று நான் சொன்னேன். இரண்டு வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது. அந்த வாரம் நான் என்னென்னவோ பேசியிருப்பேன், இந்த ஒரு பதில்தான் அப்படியே நிற்கிறது.

நாற்பதுகளில் இருப்பவர், பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை. ஆர்.ஏ. என்ற மூட்டு வாதம் வந்து ஏழு வருடம். மெத்தோட்ரெக்ஸேட் வாரம் 20 மி.கி. வரை போய்விட்டோம், கூட இரண்டு மாத்திரைகள், அதற்கு மேல் பிரட்னிசலோன் என்ற ஸ்டீராய்டு தினமும் 15 மி.கி. அதைக் குறைத்தாலே மணிக்கட்டு இரண்டும் வீங்கிக்கொள்ளும். பீஸைத் திருப்பிப் பார்க்கும் வேலைக்கு மணிக்கட்டு இல்லாமல் முடியுமா? அடாலிமுமாப் என்ற ஊசியைப் போடலாம் என்று முடிவெடுத்தோம். உடம்பில் தூங்கும் தொற்றை அது எழுப்பிவிடலாம் என்பதால் வழக்கமான பரிசோதனைகளை எழுதிக் கொடுத்தேன்: மார்பு எக்ஸ்ரே, டிபிக்கான தோல் பரிசோதனை மேன்டூ, டிபிக்கான ரத்தப் பரிசோதனை இக்ரா, ஹெபடைடிஸ் பி, சி, எச்.ஐ.வி.

எக்ஸ்ரே சுத்தம். மேன்டூ 3 மில்லிமீட்டர். இந்த நிலையில் இருப்பவர்களுக்கு 5 மில்லிமீட்டர் தடிப்பு வந்தாலே பாசிட்டிவ் என்று எடுப்போம், ஆகவே அது நெகட்டிவ். பி, சி, எச்.ஐ.வி. மூன்றும் நெகட்டிவ். இக்ரா ரிப்போர்ட்டில் மட்டும் நெகட்டிவ் என்று இல்லை. 'இண்டிடெர்மினேட்', அதாவது முடிவு சொல்ல முடியவில்லை என்று இருந்தது.

இக்ராவுக்கு நான்கு குழாய்களில் ரத்தம் எடுப்பார்கள். இரண்டில் டிபி கிருமியின் புரதத் துணுக்குகள் இருக்கும், ஒன்று வெறும் குழாய், நான்காவதில் மைட்டோஜன். டிபி இருந்தாலும் இல்லாவிட்டாலும், நோயை எதிர்க்கும் டி செல்களில் தெம்பாக இருக்கும் எதுவும் மைட்டோஜனைப் பார்த்தால் கத்த வேண்டும். இவருடைய செல்கள் அந்தக் குழாயிலேயே முனகவில்லை. அப்படியானால் டிபி குழாய்களில் அவை பேசாமல் இருந்ததற்கு அர்த்தமே கிடையாது, கூப்பிட்ட ஆளுக்குக் காதே கேட்கவில்லை என்பதுதான் சேதி. ஸ்டீராய்டால் செல்கள் மங்கிப் போயிருக்கலாம். ரத்தம் எடுத்தபின் குழாயைச் சரியாகக் குலுக்காமல் விட்டிருக்கலாம். சனிக்கிழமை மாலை எடுத்த ரத்தம் கோயம்புத்தூர் போய் இன்குபேட்டரில் ஏறத் தாமதமாகியிருக்கலாம். எது காரணம் என்று ரிப்போர்ட்டைப் பார்த்துச் சொல்ல முடியாது. கீழே 'மறுபடி செய்து பார்க்கவும்' என்று சிறிய எழுத்தில் போட்டிருந்தார்கள்.

நான் மறுபடி செய்யச் சொல்லவில்லை. என் பக்கத்து நியாயங்கள் எனக்கு மனப்பாடம். திரும்பச் செய்ய இன்னும் இரண்டாயிரத்துச் சொச்சம் ஆகும், அதே 15 மி.கி. ஸ்டீராய்டில் அதே பதில் வரத்தான் வாய்ப்பு அதிகம், ஸ்டீராய்டைக் குறைத்துவிட்டுச் செய்யலாம் என்றால் அவரால் எழுந்து நிற்க முடியாது, எப்படியும் மேன்டூ நெகட்டிவ், எக்ஸ்ரே சுத்தம். இதில் எதுவும் பொய் இல்லை. ஆனால் இக்ராவை மங்கச் செய்த அதே ஸ்டீராய்டு மேன்டூவையும் மங்கச் செய்திருக்கும் என்பதும் எனக்கு அன்றே தெரியும். ஊமையாகிப்போன ஒரு சாட்சிக்கு அரை ஊமையான இன்னொரு சாட்சியைத் துணைக்கு வைத்துக்கொண்டேன்.

இந்த மாதிரி நேரத்தில் கைகொடுப்பது நேரில் கேட்கும் கேள்விதான். அதையும் கேட்டேன். "உங்களுக்கு, வீட்டுல யாருக்காவது, டிபி வந்திருக்கா?" பக்கத்து ஸ்டூலில் மாமியார் உட்கார்ந்திருந்தார். இவர் பதில் சொல்லும் முன்பே மாமியார், "எங்க வீட்ல அதெல்லாம் கிடையாதுங்க" என்றார். இவரும் தலையாட்டினார். "டிபி தொடர்பு: இல்லை" என்று எழுதி அடுத்த கேள்விக்குப் போய்விட்டேன். வெளியே இன்னும் நாற்பது பேர் இருந்தார்கள். இதை மன்னிப்புக் கேட்கச் சொல்லவில்லை, நிஜமாகவே இருந்தார்கள்.

பதினைந்து நாளைக்கு ஒரு ஊசி. மூன்றாவது ஊசியிலேயே மணிக்கட்டு வற்றிவிட்டது, ஸ்டீராய்டை 5 மி.கி.க்குக் கொண்டுவந்தோம், இனிப்பு டப்பாவோடு வந்தார். ஆறாவது ஊசிக்கு வந்தபோது சாயங்காலம் ஆனால் காய்ச்சல் மாதிரி இருக்கிறது என்றார், நான்கு கிலோ குறைந்திருந்தார். எடுத்த எக்ஸ்ரேயில் இடது நுரையீரலைச் சுற்றி நீர். அந்த நீரில் ஏ.டி.ஏ. என்சைம் அளவு அதிகம், செல்கள் பெரும்பாலும் லிம்போசைட்டுகள், இரண்டும் டிபியைச் சந்தேகிக்க வைப்பவை. டிபி கிருமியின் மரபணுவைத் தேடும் சிபிநாட் நெகட்டிவ் (நுரையீரலைச் சுற்றிய நீரில் அது பெரும்பாலும் அப்படித்தான் வரும், ஆனாலும் அந்தச் சொல்லை மறுபடி பார்த்தபோது என்னவோ செய்தது). கடைசியில் நுரையீரல் உறையில் எடுத்த பயாப்ஸிதான் டிபியைக் காட்டியது.

இது யாருக்கும் தெரியாத ரகசியம் இல்லை. அடாலிமுமாபின் அதே வகை மருந்தான இன்ஃப்ளிக்சிமாப் போட்டவர்களுக்கு வந்த 70 டிபி கேஸ்களைப் பற்றிய கட்டுரை 2001லேயே வந்துவிட்டது. அவர்களில் பாதிப் பேருக்கு 12 வாரத்துக்குள் நோய் தெரிந்துவிட்டது, பாதிக்கு மேல் நுரையீரலுக்கு வெளியே வந்தவை. தூங்கும் கிருமியைச் சுற்றி உடம்பு கட்டிவைக்கும் சிறைச்சுவர் குலையாமல் இருக்க டி.என்.எஃப். என்ற புரதம் வேண்டும், நாம் மூட்டுக்காக இந்த ஊசிகளால் அதையே நிறுத்துகிறோம். பயிற்சி மாணவர்களுக்கு நான் பாடம் எடுக்கும் விஷயம் இது.

அடாலிமுமாபை நிறுத்தி, டிபி மருந்து தொடங்கினோம். வார்டில் இரண்டாம் நாள் மாமியார் டீ வாங்கப் போயிருந்தபோது அவர் குரலைத் தாழ்த்திச் சொன்னார். "மாமனாருக்கு அந்த நோவுதானுங்க சார். பதினோரு வருசம் ஆச்சு. வெளிய ஆஸ்துமான்னு சொல்லிக்குவாங்க. கடைசி ஆறு மாசம் நான்தானுங்க பார்த்துக்கிட்டேன், அதே ரூம்ல."

"அன்னைக்குக் கேட்டேனேம்மா" என்றேன். இதைச் சொல்லாமல் இருந்திருக்கலாம். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு, "அத்தை உட்கார்ந்திருந்தாங்களே சார்" என்றார்.

இதைத்தான் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்க்கிறேன். மாமியாரை ஐந்து நிமிடம் வெளியே இருக்கச் சொல்லியிருந்தால், "டிபி" என்று கேட்காமல் "வீட்டுல யாராவது மாசக்கணக்கா இருமிட்டு, ஆறு மாசம் மாத்திரை சாப்பிட்டாங்களா" என்று கேட்டிருந்தால், ஆமாம் என்று வந்திருக்கும். அந்த ஆமாமும் அந்த இண்டிடெர்மினேட்டும் சேர்ந்தால் நான் தடுப்பு மருந்து கொடுத்திருப்பேன். ஐசோநியாசிட் தினமும் 300 மி.கி. ஆறு மாதம், இல்லையென்றால் ரிஃபாபென்டினோடு சேர்த்து வாரம் ஒரு முறையாக 12 வாரம். முழுவதும் முடியும்வரை காத்திருக்கவும் வேண்டாம், ஒரு மாதம் ஆனதும் ஊசியைத் தொடங்கலாம். ஒரே ஒரு மாதம்.

அப்புறம் மனது மறுபக்கம் சாயும். பதினோரு வருடத்துக்கு முன் ஒட்டிய கிருமிதான் எழுந்தது என்று யார் சொன்னது? அவர் செக்கிங் டேபிளில் எதிரே நிற்கும் பெண் இரண்டு மாதமாக இருமிக்கொண்டிருந்ததாக அவரே பின்னால் சொன்னார். ஊசி தொடங்கிய பிறகு புதிதாகத் தொற்றியதாக இருந்தால் எந்த ஸ்கிரீனிங்கும் அதைப் பிடித்திருக்காது. நம் ஊரில் இந்த இரண்டையும் பிரித்துச் சொல்ல என்னிடம் வழியில்லை. அப்போது எனக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருக்கும். அந்த நிம்மதி எனக்குப் பிடிக்காது.

கதை அதோடு முடியவில்லை. டிபி மருந்தோடு மெத்தோட்ரெக்ஸேட்டும் சேர்ந்தால் கல்லீரல் தாங்குமா என்று அதை நிறுத்தினோம். ரிஃபாம்பிசின் வேறு பிரட்னிசலோனை வேகமாக உடம்பிலிருந்து வெளியேற்றிவிடும், டோஸைக் கூட்டியும் மூட்டு பழையபடி வீங்கியது. ஆறு மாத டிபி சிகிச்சை முடிந்ததும் ரிடுக்ஸிமாப் போடலாம் என்று நினைத்தேன், டிபி விஷயத்தில் அது பயமில்லாத மருந்து. ஃபைலைப் புரட்டினால் ஹெபடைடிஸ் பி என்ற இடத்தில் எச்.பி.எஸ். ஆன்டிஜன் மட்டும் இருந்தது. நெகட்டிவ். முதல்முறை நான் எழுதியதே அவ்வளவுதான்.

ஆன்டிஜன் நெகட்டிவ் என்றால் இப்போது மேற்பரப்புப் புரதம் ரத்தத்தில் இல்லை என்று அர்த்தம். எப்போதோ வந்து போன வைரஸ் தன் மூலப் பிரதியைக் கல்லீரல் செல்லுக்குள் விட்டுவிட்டுப் போயிருக்கலாம், அதற்கு அந்த வைரஸை எதிர்த்து உடம்பு எப்போதோ உண்டாக்கிய ஆன்டிபாடியைக் காட்டும் ஆன்டி எச்.பி.சி. டோட்டல் பார்க்க வேண்டும். எழுதிக் கொடுத்தேன். லேபில் ஐ.ஜி.எம். மட்டும் போட்டு அனுப்பினார்கள், அதுவும் நெகட்டிவ். ஐ.ஜி.எம். சமீபத்திய தொற்றை மட்டும் காட்டும். ஒரு வருடத்துக்கு முன்னால் என்றால் அந்த நெகட்டிவையும் கண்ணை மூடி ஏற்றிருப்பேனோ என்னவோ. போன் செய்து 'டோட்டல்' என்று அழுத்திச் சொன்னேன். பாசிட்டிவ்.

அடாலிமுமாபுக்கு இது பெரிய ஆபத்தில்லை, மூன்று மாதத்துக்கு ஒரு முறை கல்லீரல் என்சைமும் வைரஸ் டி.என்.ஏ.வும் பார்த்துக்கொண்டே போகலாம். ரிடுக்ஸிமாப் வேறு. அது நோயை எதிர்க்கும் பி செல்களைத் துடைத்துவிடும், அடங்கிக் கிடந்த வைரஸ் எழுந்து கல்லீரலையே செயலிழக்க வைக்கலாம். 2013ல் அமெரிக்க எஃப்.டி.ஏ. அந்த மருந்தின் லேபிளில் இதற்குக் கட்டம் கட்டி எச்சரிக்கை போட வைத்தது. இவருக்கு டி.என்.ஏ. இல்லை என்று வந்தது, ஆனாலும் முதலில் அந்த வைரஸை அடக்கும் என்டிகாவிர் 0.5 மி.கி. தினமும் வெறும் வயிற்றில் ஆரம்பித்துவிட்டுத்தான் ரிடுக்ஸிமாப் ஏற்றினோம். கடைசி டோஸுக்கு அப்புறமும் குறைந்தது ஒரு வருடம் அதைச் சாப்பிட வேண்டும். "மூட்டு வலிக்கு வந்தேன், டிபிக்கு மாத்திரை, இப்ப காமாலைக்கும் மாத்திரையா" என்று சிரித்தார். அதாவது, மூட்டுக்கு முதலிலேயே ரிடுக்ஸிமாப் என்று முடிவெடுத்திருந்தால் அதே "எல்லாம் நெகட்டிவ்" பதிலோடு அதையும் போட்டிருப்பேன். இதை இன்னும் அவரிடம் சொல்லவில்லை.

இப்போது எப்படி இருக்கிறேன் என்றால், கொஞ்சம் அதிகமாகவே பயப்படுகிறேன். கூட வந்தவரை வெளியே அனுப்பிவிட்டுக் கேட்கிறேன், சிலர் கோபித்துக்கொள்கிறார்கள். இக்ரா தெளிவில்லாமல் வந்தால் தடுப்பு மருந்தை உடனே கொடுத்துவிடுகிறேன். போன மாதம் அப்படி ஐசோநியாசிட் கொடுத்த, முதுகு வாதம் உள்ள ஒரு இளைஞருக்குக் கல்லீரல் என்சைம் ஏழு மடங்கு ஏறிவிட்டது, மாத்திரையை நிறுத்தி ஒரு மாதம் சும்மா இருந்தார், முதுகு இரும்பாக இறுகிப்போய் வந்தார். அவருக்கு டிபி கிருமி இருந்ததா என்பது எனக்குத் தெரியாது. அவருக்குக் கொடுத்த மருந்து அவருக்காகவா அந்த அம்மாவுக்காகவா என்றும் சில ராத்திரிகளில் தோன்றும்.

அந்த அம்மா ஆறு மாதத்துக்கு ஒரு முறை ரிடுக்ஸிமாப் ஏற்ற வருகிறார், மாமியாரும் கூட வருகிறார். ஃபைலின் முதல் தாளில் "டிபி தொடர்பு: இல்லை" என்பது என் கையெழுத்தில் அப்படியே இருக்கிறது. அதை அடிக்கவில்லை. அடுத்த தாளில், தேதி போட்டு, மாமனார் பற்றி ஒரு வரி எழுதியிருக்கிறேன். மாமியார் சில நேரம் ஃபைலை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார் என்பதால் அந்த வரியை ஆங்கிலத்தில் எழுதினேன்.